மாலைக்குப் பின் சுமைதாங்கி

ஊசிமலைக் காட்டில் சுடலை என்றொரு கழுதை இருந்தான். அவன் பெண்டாட்டி பேச்சி. இருவரும் சிங்கராஜாவின் அரண்மனையில் நீர்ப்பிரிவு ஊழியர்கள். அடிவாரத்து ஓடையில் குரங்குகள் பானைகளை நிரப்பி, முதுகின் இரண்டு பக்கமும் கூடையில் வைத்துக் கட்டும். கழுதைகள் மலையேறி உச்சித் தொட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மறுபடி இறங்கும். மறுபடி ஏறும். கழுதைப் பிழைப்பு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஏற்றத்தின் பாதியில் ஒரு வளைவு உண்டு. பாசி படிந்த பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்கே வரும்போதுதான் மூச்சு முட்டும், கால் நடுங்கும். ஆனால் நிற்க முடியாது. படுத்தால் சுமையோடு எழுந்திருக்க முடியாது. கட்டை அவிழ்க்கக் குரங்கு கீழே ஒன்று, உச்சியில் ஒன்று, நடுவில் யாரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற வேண்டியதுதான்.

அந்த வளைவில் ஒரு சுமைதாங்கி வேண்டும். இதுதான் நீர்ப்பிரிவின் நெடுநாள் ஆசை. கழுதை உயரத்துக்கு இரண்டு பலகைக்கல், நடுவில் ஒரு கழுதை புகுந்து நிற்க இடம். புகுந்து நின்றால் இரண்டு கூடையும் கல்மேல் உட்கார்ந்துகொள்ளும். பாரம் கல்லுக்குப் போய்விடும். நாலு மூச்சு விட்டுவிட்டுக் கிளம்பலாம். பெரிய மாளிகையா கேட்டார்கள்? கல் ஓடையிலேயே கிடக்கிறது. யானை மனசு வைத்தால் ஒரு காலைப்பொழுது வேலை.

சுடலைக்கு அது வெறும் ஆசை இல்லை. பேச்சி நிறைசூலி. வயிறு தரையைத் தொடும்போல இறங்கிவிட்டது. சூல்விடுப்பு அடுத்த அமாவாசைக்குப் பிறகுதான் என்பது அரண்மனைச் சட்டம். அதுவரை சுமந்தாக வேண்டும். அவள் வளைவில் ஏறும்போதெல்லாம் பின்னால் வரும் சுடலைக்கு உயிர் போய் உயிர் வரும்.

"ஏங்க, என் காலையே பார்த்துக்கிட்டு வராதீங்க. உங்க காலைப் பாருங்க" என்பாள் பேச்சி.

இப்படி இருக்கையில்தான் ஊழியர் நலக் குழுவுக்குத் தேர்தல் வந்தது.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. நீர்ப்பிரிவு, விறகுப்பிரிவு, தேன்பிரிவு, தூதுப்பிரிவு, காவல்பிரிவு என்று பிரிவுக்கு ஓர் உறுப்பினரை ஊழியர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அதே அளவு உறுப்பினர்களை அரண்மனை நியமிக்கும். செயலாளரும் அரண்மனை ஆள்தான். தலைவரை மட்டும் எல்லா ஊழியர்களும் சேர்ந்து, மரப்பொந்தில் இலை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் இரண்டு மழைக்காலம். தீவனக்கூடம், ஓய்வுக்கொட்டில், காயத்துக்கு மூலிகை, இந்த மாதிரிச் சின்ன வேலைகளை யாரையும் கேட்காமல் குழுவே தீர்மானம் போட்டு முடித்துக்கொள்ளலாம். பெரிய வேலை என்றால் தீர்மானம் போட்டு ராஜாவுக்குப் பரிந்துரைக்க வேண்டும். சுமைதாங்கி சின்ன வேலைதான். குழு கூடிப் பாதிப்பேருக்கு மேல் வந்திருந்து, தலைவர் அதை எடுத்து, பெரும்பாலோர் ஆதரவாய்க் கால் தூக்கினால் தீர்ந்தது.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் விறகுப்பிரிவுக் காட்டெருமை கொம்பையா. இன்னொருத்தி தேன்பிரிவு முள்ளம்பன்றி முள்ளி.

முள்ளி வாய்த்துடுக்கு. வோட்டுக் கேட்க வந்த இடத்திலேயே, "நான் ஜெயிச்சா எவனும் என்னைப் பார்க்க வரவேண்டாம். வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருங்க" என்றாள். அப்படிப் பேசினால் யார் இலை போடுவார்கள்?

கொம்பையா அப்படி இல்லை. தங்கமான மனசு. ஒவ்வொரு பிரிவாய் வந்து தலையாட்டி நின்று கேட்டுக்கொண்டார். பேச்சியின் வயிற்றைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

"சுடலை, முதல் கூட்டத்துலயே உன் சுமைதாங்கிதான். இது என் கொம்பு மேல சத்தியம்" என்றார்.

போதாதா? சுடலை கொட்டில் கொட்டிலாய் அலைந்து அவருக்கு இலை சேர்த்தான். கொம்பையா ஜெயித்தார். முள்ளி தோற்றாலும் தேன்பிரிவின் உறுப்பினராகக் குழுவுக்கு வந்துவிட்டாள்.

முடிவு தெரிந்ததும் சுடலை ஓடினான். கையில் ஒன்றும் இல்லை, வழியில் இருந்த அருகம்புல்லை ஒரு வாய் பிடுங்கிக்கொண்டு போய்க் கொம்பையா காலடியில் வைத்தான்.

"அண்ணே, உங்களை நம்பித்தான் இருக்கோம். உங்க காலத்துல நாங்க நாலு மூச்சு விடணும்."

"எந்திரிடா தம்பி. நீங்க எல்லாம் சேர்ந்து தூக்கிவிட்ட பதவி இது. உன் விஷயம் நெஞ்சுல இருக்கு" என்றார் கொம்பையா. அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையில் பெரிய வேதனை.

பக்கத்தில் செயலாளர் நரியார் நின்றிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, வழக்கம்னு ஒண்ணு இருக்கு. எல்லாப் பிரிவும் பாராட்டு விழா நடத்தி மாலை போட்ட பிறகுதான் தலைவர் காரியத்துல கை வைக்கிறது. முந்தைய தலைவர் வரைக்கும் அப்படித்தான். நீங்க மாத்தினா, பாராட்டாத பிரிவுக்காரன் மனசு கஷ்டப்படும். ஒரு பிரிவுக்குச் செஞ்சுட்டு மத்ததை விட்டாருன்னு பேச்சு வரும்."

"சட்டத்துல அப்படி இருக்கா?" என்று கேட்டார் கொம்பையா.

"சட்டத்துல இல்ல. ஆனா வழக்கம்" என்றார் நரியார்.

கொம்பையா யோசித்தார். ஒருத்தர் மனசும் நோகக்கூடாது என்பது அவர் குணம். தலையாட்டிவிட்டார். நரியாரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கூட்டம் நடக்காத மாதம் அவருக்கு வேலை குறைவு, அவ்வளவுதான்.

அப்புறம் தொடங்கியது பாருங்கள் திருவிழா! விறகுப்பிரிவு காட்டுமல்லி மாலை போட்டது. தூதுப்பிரிவுக் காக்கைகள் அதைப் பார்த்துச் சரக்கொன்றையில் ஆளுயர மாலை கொண்டுவந்தன. விடுமா காவல்பிரிவுச் செந்நாய்கள்? தாமும் ஒரு தேதி குறித்து, வாழையிலைப் பொன்னாடையும் சேர்த்துக்கொண்டன. ஒவ்வொரு விழாவிலும் வரவேற்புரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை. அரண்மனை நியமித்த உறுப்பினர்கள் இருக்கிறார்களே, பழைய குழுவில் ஒரு கூட்டத்துக்கும் தலைகாட்டாதவர்கள், பாராட்டு என்றால் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

குழுவின் முதல் கூட்டம் பௌர்ணமியன்று என்று குறித்திருந்தது. கூட்டத்தில் பேச வேண்டிய பொருளை ஒரு வாரம் முன்னாலேயே பிரிவின் உறுப்பினர் மூலம் செயலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். நீர்ப்பிரிவின் உறுப்பினர் வாலையன், பானை கட்டும் குரங்கு. அவன் நீர்ப்பிரிவு ஊழியர்களை ஓடைக்கரையில் கூட்டினான்.

"சுமைதாங்கியை இந்தக் கூட்டத்துக்கே கொடுத்துடலாமா? இல்ல, நம்ம பாராட்டு விழாவை முடிச்சுட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொடுக்கலாமா? நாம இன்னும் மாலை போடல. நீங்கதான் சொல்லணும்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. தேன் குடுவை கொடுக்க வந்திருந்த முள்ளி ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அழுத பிள்ளைக்குத்தான் பால். மாலை போட்ட பிள்ளைக்கு இல்ல. இப்பவே குடுங்க" என்றாள்.

"உனக்கென்ன அக்கா, உன் முதுகுல மாலை போட்டாலும் நிக்காது. அதான் மாலை மேல உனக்குக் கோபம்" என்று வாலையன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முள்ளியும் கொஞ்சம் சிரித்தாள்.

பிறகு எல்லோரும் சுடலையைப் பார்த்தார்கள். அவன் விஷயம்தானே முக்கியம்? பேச்சி அவன் பக்கத்தில் நின்றாள். ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

சுடலை யோசித்தான். கொம்பையா அண்ணன் அவ்வளவு பிரியமாய்ப் பேசினார். மற்றப் பிரிவெல்லாம் மாலையோடு போகிறது, நாம் மட்டும் மனுவை நீட்டிக்கொண்டு போனால் என்ன நினைப்பார்? காரியத்துக்குத்தான் வந்தான் கழுதை என்று நாலு பேர் பேசமாட்டார்களா?

"வெறும் வாயோட போய்க் கேட்டா மரியாதையா இருக்காது. முதல்ல விழா. அதுவும் மத்தவங்க மூக்குல விரலை வைக்கிற மாதிரி. அப்புறம் கேட்போம். அண்ணன் மறுக்கவா போறார்?" என்றான்.

சொன்னது சுடலைதான். வேறு யாரும் இல்லை.

சுமைதாங்கி அந்த மாதப் பொருளில் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்கிறீர்களா? பௌர்ணமியன்று தேன்பிரிவுக் கரடிகள் தலைவருக்குப் பாராட்டு வைத்துவிட்டன. முள்ளி வேண்டாம் என்று கத்தியும் கரடிகள் கேட்கவில்லை. உறுப்பினர்கள் எல்லாம் அங்கே. கூட்டத்துக்கு வந்தது முள்ளியும் நரியாரும். பாதிப்பேர் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று நரியார் அறிவித்தார். முள்ளியைத் தவிர அதைக் கேட்க ஆள் இல்லை.

நீர்ப்பிரிவு மற்றவர்களை மிஞ்ச வேண்டுமே. காட்டின் தென்கோடிச் சதுப்பில் செந்தாமரை பூக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பாதிக் கழுதைகள் பூப் பறிக்கப் போய்விட்டன. தொட்டி காலியாக இருக்கலாமா? மிச்சம் இருந்தவர்கள் அவர்கள் நடையையும் சேர்த்துச் சுமந்தார்கள். பேச்சியும் சுமந்தாள்.

"நீ கொஞ்சம் குறைச்சுக்கோயேன்" என்றான் சுடலை.

"நான் குறைச்சா அது இன்னொருத்தி முதுகுல ஏறும். இன்னும் கொஞ்ச நாள்தானே, அமாவாசை வந்துடும்" என்றாள் பேச்சி.

வாழ்த்துரை சொல்லச் சுடலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் குரல்தான் உச்சி வரைக்கும் கேட்கும். அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவனும் பெருமையாய்த்தான் ஏற்றுக்கொண்டான். நடந்துகொண்டே பயிற்சி செய்வான், பேச்சி முன்னால் போய்க்கொண்டே திருத்துவாள்.

"'அஞ்சாத நெஞ்சரே'ன்னு எதுக்கு? கொம்பையா அண்ணனுக்குத் தவளையப் பார்த்தாலே பயம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"சரி, சொல்லுங்க. ஆனா கடைசில நம்ம கல்லைச் சொல்லாம வந்துடாதீங்க. 'வளைவுல ஒரு சுமைதாங்கி, அதுவும் அடுத்த கூட்டத்துலயே'ன்னு தெளிவா சொல்லுங்க. சபையில சொன்னதை அவரால தள்ள முடியாது."

சுடலை அப்படியே சேர்த்துக்கொண்டான். பேச்சி சொன்ன வார்த்தையே.

விழா நாள் வந்தது. உச்சித் தொட்டியடியில் பந்தல். செந்தாமரை மாலையைப் பார்த்துக் காக்கைகளுக்கே வயிறு எரிந்தது. சிக்கல் என்னவென்றால், அத்தனை விருந்தாளிக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும். விழாவில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. சுடலையின் நடைக்கு ஆள் இல்லை.

"நீங்க போய்ப் பேசுங்க. உங்க நடையையும் நான் சேர்த்துப் போட்டுடறேன்" என்றாள் பேச்சி.

"வேண்டாம் பேச்சி."

"நீங்க பேசினா கல்லு வரும். நான் நாலு நடை கூட நடந்தா என்ன? போங்க, நேரமாகுது."

அவன் போனான். போயிருக்கக்கூடாது. ஆனால் போனான்.

பந்தல் வாசலில் நரியார் அவனை ஓரமாய் அழைத்துப்போனார்.

"என்ன பேசப்போற, ஒருதரம் சொல்லிக் காட்டு."

சுடலை சொல்லிக் காட்டினான். சுமைதாங்கி வந்ததும் நரியார் வாலை ஆட்டி நிறுத்தினார்.

"இது எதுக்கு? வாழ்த்துரையில கோரிக்கை கலந்தா, வாழ்த்தும் கெட்டுச்சு, கோரிக்கையும் கெட்டுச்சு. கல்யாண வீட்டுல கடன் கேட்கிற மாதிரி இருக்கு. ராஜாவோட ஆளுங்க எல்லாம் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. தலைவருக்குத்தான் சங்கடம். 'தங்கள் பதவிக்காலத்தில் நீர்ப்பிரிவின் நெடுநாள் கனவு நனவாகும் என நம்புகிறோம்' அப்படின்னு சொல்லு. நாசூக்கா இருக்கும். அவருக்குத்தான் தெரியுமே."

பேச்சி சொன்னது சுடலையின் காதில் இருந்தது. முன்வரிசையில் சிறுத்தையும் புலியும் உட்கார்ந்திருந்ததும் கண்ணில் இருந்தது.

வாலையன் வரவேற்றான். மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. கொம்பையாவின் கொம்பு தெரியவில்லை, அத்தனை பூ. சுடலை முன்னால் வந்து நின்றான். அஞ்சாத நெஞ்சரே என்றான். ஊழியர்களின் உயிர்மூச்சே என்றான். கடைசிக்கு வந்தான். முன்வரிசையைப் பார்த்தான்.

"தங்கள் பதவிக்காலத்தில் நீர்ப்பிரிவின் நெடுநாள் கனவு நனவாகும் என நம்புகிறோம்" என்றான்.

கைதட்டல் காடு அதிர எழுந்தது. கொம்பையா ஏற்புரைக்கு எழுந்தார். தழுதழுத்தார்.

"உங்க கனவுதான் என் கனவு. அது என்னன்னு நீங்க சொல்லவே வேண்டாம்" என்றார்.

சொல்லவேண்டாம் என்றதும் இன்னும் பலமாய்த் தட்டினார்கள். என்ன கனவு என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடியவள் முள்ளி ஒருத்தி. அவள் விழாக்களுக்கு வருவதில்லை.

நன்றியுரை நடக்கும்போது தாகம் என்று விருந்தாளிகள் முனகினார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லையா என்று வாலையன் மரத்திலேறிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் மரத்திலிருந்து இறங்காமல் அப்படியே நின்றான்.

"சுடலை அண்ணே" என்றான். "அண்ணே, வளைவுக்குப் போங்க."

சுடலை ஓடினான். அவ்வளவு வேகமாய் அவன் ஒருநாளும் அந்த மலையில் இறங்கியதில்லை.

பேச்சி வளைவில் கிடந்தாள். நிற்க முடியாமல் முன்னங்கால் மடிந்திருக்கிறாள். மடிந்தவளைச் சுமை எழவிடவில்லை. எழப் பார்த்த இடத்தில் பாசி தேய்ந்து கல் வெளுத்திருந்தது. நெடுநேரம் முயன்றிருக்கிறாள். கூடைகள் இரண்டும் அவள்மேல் சாய்ந்திருந்தன. பானைகளில் ஒன்றுகூட உடையவில்லை. தண்ணீர் தளும்பாமல் இருந்தது. அவளும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை.

சுடலை கட்டைப் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்தான். வரவில்லை. குரங்கு வந்துதான் அவிழ்த்தது.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே பேச்சி. என் குரல் மேல வரைக்கும் கேட்கும்னு சொல்லுவாங்களே, உன் குரல் எனக்குக் கேட்கலையே" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கேட்டிருக்காது. மேலே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே குழுவின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. ஒரு உறுப்பினர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். புலியும் சிறுத்தையும்கூட வந்தார்கள். சாவுக்கு வராமல் இருக்க முடியுமா? ஊழியர்கள் சுற்றி நின்றார்கள். சுடலையும் நின்றான்.

நரியார் இரங்கல் தீர்மானத்தை வாசித்தார். கடமையில் உயிர் நீத்த பேச்சி என்றார். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். எல்லோரும் எழுந்து தலைகுனிந்து மௌனமாய் நின்றார்கள்.

உட்கார்ந்ததும் முள்ளி வாய் திறந்தாள். "இப்ப சுமைதாங்கியை எடுங்க."

"அது பொருளில் இல்லை" என்றார் நரியார். "அதோட, இரங்கல் தீர்மானம் போட்டா மறைந்தவருக்கு மரியாதையா கூட்டத்தை ஒத்திவைக்கிறதுதான் மரபு. வேற வேலை எடுத்தா அவங்களை அவமானப்படுத்தின மாதிரி."

"தலைவர் அனுமதிச்சா பொருளில் இல்லாததையும் எடுக்கலாம். சட்டத்துல அது இருக்கு. நான் படிச்சிருக்கேன்" என்றாள் முள்ளி.

எல்லோரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். அவர் கழுத்தில் நேற்றைய மாலையின் நார் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. மரபை மீறினால் யார் மனசு நோகுமோ என்று அப்போதும் யோசித்தார். பாவி மனுஷன் என்று சொல்லத் தோன்றுகிறது, எருமையாகப் போய்விட்டார்.

அப்போது சுடலை முன்னால் வந்தான். சத்தம் போடவில்லை. உறுப்பினர் அல்லாதவர் பேசக்கூடாது என்று நரியாரும் சொல்லவில்லை.

"அண்ணே, அவளுக்காக எல்லாரும் எந்திரிச்சு நின்னீங்க. அவ உயிரோட இருக்கிறப்ப நிக்கத்தான் ஒரு இடம் கேட்டா. நேத்து என்கிட்ட சொல்லி அனுப்பினா. நான் சபையில அதைச் சொல்லல. கனவுன்னு சொன்னேன். அது கனவு இல்ல அண்ணே, கல்லு. இன்னைக்குச் சொல்றேன். வளைவுல ரெண்டு பலகைக்கல்லு வேணும். நாளைக்கும் எங்க ஆளுங்க அந்த வழியாத்தான் ஏறணும்."

கொம்பையாவுக்குக் கண்ணீர் கொட்டியது. "அனுமதிக்கிறேன்" என்றார். முள்ளி முன்மொழிந்தாள். வாலையன் வழிமொழிந்தான். எல்லோரும் கால் தூக்கினார்கள். ஒருவர் மறுக்கவில்லை. பேச்சு எடுத்ததும் முடிந்ததும் தெரியவில்லை, அவ்வளவு சுருக்காய் முடிந்தது. இவ்வளவுதானா என்று நீர்ப்பிரிவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யானை வந்தது. ஓடையிலிருந்து கல்லைத் தூக்கி வந்து வளைவில் நட்டது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. திறப்புவிழா வைக்கலாமா என்று காக்கை ஒன்று கேட்டது. கொம்பையா அதை ஒரு பார்வை பார்த்தார். காக்கை பறந்துவிட்டது.

அதற்குப் பிறகு கொம்பையா கூட்டம் தவறவில்லை, அதையும் சொல்லவேண்டும். மாலை போட வந்தவர்களிடம், "மாலையை மாட்டுக்குப் போடு, மனுவை என்கிட்ட குடு" என்பாராம். நல்ல தலைவர் என்று பெயர் வாங்கினார். ஆனால் வளைவு வழியாக அவர் ஒருநாளும் போனதில்லை. சுற்றுவழியில்தான் போவார்.

சுடலை துக்கம் முடிந்து வேலைக்கு வந்தான். கூடை கட்டினார்கள். ஏறினான். வளைவு வந்ததும் கல்லுக்கு நடுவே புகுந்து நின்றான். இரண்டு கூடையும் கல்மேல் உட்கார்ந்தன. முதுகு லேசாயிற்று. பேச்சி கேட்ட சுகம் இதுதானா என்று நினைத்தான். நினைத்ததும் அவனுக்கு அந்த லேசு பொறுக்க முடியவில்லை. பாரம் இருந்தபோது அழாதவன் பாரம் இறங்கியதும் அழுதான்.

பின்னால் ஒரு சூலிக்கழுதை மூச்சிரைக்க வந்து நின்றது. "அண்ணே, கொஞ்சம் நகருங்க. நானும் நின்னுக்கிறேன்" என்றது.

"வா தாயி" என்று சுடலை நகர்ந்து, சுமையை மறுபடி முதுகில் வாங்கிக்கொண்டு மேலே நடந்தான்.

பதவிக்கு வந்தவரை வாழ்த்துவது நல்லதுதான். ஆனால் வாய்விட்டுக் கேட்க வேண்டியதை வாழ்த்துக்குள் ஒளித்துவைத்தால், அது கேட்டதாகவும் ஆகாது, காலத்தில் கிடைக்கவும் செய்யாது.